"இளைஞர்கள் படிப்பதில்லை" என்ற கட்டுரைக்கு ஆசிரியருக்குக் கடிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாளிதழில் சில காலம் வாசகர் கடிதங்களைப் பிரித்து, சுருக்கி, பக்கத்துக்கு அனுப்பும் வேலை பார்த்தேன். புத்தகக் காட்சி நேரத்திலும் பள்ளித் தேர்வு முடிவு வரும் நேரத்திலும் "வாசிப்புப் பழக்கம் குறைந்துவிட்டது" என்று ஒரு கட்டுரை கட்டாயம் வரும். அதற்கு வரும் கடிதங்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். எழுத நினைப்பவர்கள் என்னிடம் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை.

கட்டுரையைப் படித்ததும் கோபம்தான் வந்தது. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

கட்டுரையை இன்னொரு முறை படித்து, உங்களைக் குத்திய ஒரே ஒரு வாக்கியத்தின் கீழ் கோடு போடுங்கள். கடிதம் அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். கட்டுரையாளருக்கு ஆயிரம் சொல் கிடைத்திருக்கும், உங்களுக்கு நூறு, நூற்றைம்பது கிடைத்தால் பெரிது. அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் பதில் சொல்லப் புறப்பட்டால் எதற்கும் பதில் சொன்னதாக இருக்காது.

அடுத்து, அந்த வாக்கியம் எதைப் பற்றிப் பேசுகிறது என்று பாருங்கள். இந்த மாதிரிக் கட்டுரைகளில் மூன்று விஷயங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிகிறதா என்பது ஒன்று, அது திறன். பாடப் புத்தகம் தவிர வேறு ஏதாவது வழக்கமாகப் படிக்கிறார்களா என்பது இன்னொன்று, அது பழக்கம். படிப்பது பிடிக்கிறதா என்பது மூன்றாவது, அது விருப்பம். நன்றாகப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்குப் படிப்பது பிடிக்காமல் இருக்கலாம். படிக்க ஆசைப்படும் பிள்ளைக்குக் கையில் புத்தகம் இல்லாமல் இருக்கலாம். கட்டுரை ஒன்றுக்கு ஆதாரம் காட்டிவிட்டு இன்னொன்றைப் பற்றி முடிவு சொல்லியிருந்தால், உங்கள் கடிதத்துக்கான விஷயம் அங்கேயே கிடைத்துவிட்டது.

இந்தக் குழப்பம் அதிகம் நடப்பது 'ஏசர்' அறிக்கையை வைத்து. பிரதம் அமைப்பு வெளியிடும் அந்த ஆய்வில் கிராமப்புற வீடுகளுக்குப் போய், 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார்கள். அந்தத் தாளில் ஆகக் கடினமான பகுதியே இரண்டாம் வகுப்புப் பாட அளவுதான். அது அளப்பது திறனை. கல்லூரி மாணவர் நாவல் படிக்கிறாரா என்று அதில் யாரும் கேட்கவில்லை. ஆனாலும் ஏசர் எண்ணைப் போட்டு அடுத்த பத்தியிலேயே "இன்றைய இளைஞர்கள் இலக்கியத்தை மறந்துவிட்டார்கள்" என்று எழுதுகிறவர்கள் உண்டு.

கட்டுரையில் வெளிநாட்டு ஆய்வுப் புள்ளிவிவரம் போட்டிருக்காங்க. அதை நான் எப்படிச் சரிபார்க்க முடியும்?

பயப்பட ஒன்றும் இல்லை. யாரைக் கேட்டார்கள், என்ன கேட்டார்கள், எந்த வருடத்தோடு எந்த வருடத்தை ஒப்பிட்டார்கள் என்று பார்த்தால் போதும். அடிக்கடி எடுத்தாளப்படும் இரண்டு ஆய்வுகளை வைத்தே சொல்கிறேன்.

முதலாவது, பிரிட்டனின் தேசிய எழுத்தறிவு அறக்கட்டளை ஆண்டுதோறும் நடத்தும் ஆய்வு. ஓய்வு நேரத்தில் படிப்பது பிடிக்கும் என்று சொன்னவர்கள் 2005-இல் 51.4 சதவீதம், 2025-இல் 32.7 சதவீதம். வீழ்ச்சி உண்மைதான், சின்ன வீழ்ச்சியும் இல்லை. ஆனால் கேட்கப்பட்டவர்கள் 8 முதல் 18 வயது வரையிலான பிரிட்டிஷ் பிள்ளைகள். கேட்டது விருப்பத்தைப் பற்றி. இதை "உலக இளைஞர்கள்" என்று எழுதினால் அது தவறு.

இதே எண்ணில் இன்னொரு சறுக்கலும் உண்டு. 51.4-இலிருந்து 32.7 போனால் வித்தியாசம் 18.7. அதாவது நூறு பிள்ளைகளில் சுமார் 19 பேர் குறைந்திருக்கிறார்கள். ஆனால் 18.7-ஐ 51.4-ஆல் வகுத்துப் பார்த்தால் 36 சதவீதம் வரும். "வாசிப்பு விருப்பம் 36 சதவீதம் சரிந்தது" என்று எழுதினால் கணக்கு தப்பில்லை. அதைப் படிக்கிறவர் நூற்றுக்கு 36 பேர் படிப்பதை விட்டுவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டால் அதுதான் தப்பு. கட்டுரையாளரே அப்படி எடுத்துக்கொண்டு எழுதியிருந்தால், இரண்டே வரியில் அதைச் சுட்டும் கடிதத்தைப் பெரும்பாலும் போட்டுவிடுவார்கள். எங்கள் மேசையில் அப்படிப்பட்ட கடிதத்துக்குத்தான் முதல் இடம்.

இரண்டாவது, அமெரிக்காவின் தேசியக் கலை நிதியம் 2004-இல் வெளியிட்ட அறிக்கை. 18 முதல் 24 வயதுக்காரர்களில் இலக்கியம் படித்தவர்கள் 1982-இல் 59.8 சதவீதமாக இருந்து 2002-இல் 42.8-ஆக இறங்கியதாக அது சொன்னது. பெரிய பரபரப்பு. ஆனால் அங்கே இலக்கியம் என்றால் நாவல், சிறுகதை, கவிதை, நாடகம் மட்டும். ஒருவர் வருடம் முழுக்க வரலாறும் வாழ்க்கை வரலாறும் படித்திருந்தாலும் இலக்கிய வாசகர் கணக்கில் வரமாட்டார். அப்புறம் 2008-இல் எடுத்த கணக்கில் அதே வயதுக்காரர்கள் 51.7 சதவீதத்துக்கு ஏறினார்கள். நிதியமே "வாசிப்பு ஏறுகிறது" என்று புது அறிக்கை போட்டது.

இதை வைத்துக்கொண்டு "பார்த்தீர்களா, வாசிப்பு குறையவே இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். அதே நிதியத்தின் பிந்தைய கணக்கில், நாவலோ சிறுகதையோ படித்த அமெரிக்கப் பெரியவர்கள் 2012-இல் 45.2 சதவீதம், 2022-இல் 37.6 சதவீதம். நடுவில் ஒரு வருட ஏற்றத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடினால், மறுநாள் உங்களுக்கு எதிராக ஒரு கடிதம் வரும். அதைத் தேர்ந்தெடுப்பவரும் சந்தோஷமாகத் தேர்ந்தெடுப்பார்.

நம்ம ஊருக்குன்னு எண் எதுவும் இல்லையா?

தேசிய அளவில் ஒன்று இருக்கிறது. நேஷனல் புக் டிரஸ்ட்டுக்காக 13 முதல் 35 வயது வரையிலான எழுத்தறிந்த இளைஞர்களிடம் எடுத்த ஆய்வு, 2009-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பாடநூல் தவிர்த்துப் புத்தகம் படிப்பவர்கள் நாலில் ஒருவர் என்பது அதன் முடிவு. அதை எடுத்தாளலாம், ஆனால் வருடத்தைச் சேர்த்தே சொல்லுங்கள். மலிவான இணையம் எல்லார் கைக்கும் வந்தது 2016-க்குப் பிறகு. அதற்கு ஏழு வருடம் முந்தைய எண்ணை வைத்துக் கைபேசி வாசிப்பைக் கெடுத்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. வேண்டுமானால் அதைத் திருப்பிப் போட்டுக் கேட்கலாம்: கைபேசியில் மலிவான இணையம் இல்லாத காலத்திலேயே நாலில் மூன்று பேர் படிக்கவில்லையே, அதற்கு என்ன காரணம்?

புத்தகக் காட்சிக் கூட்டத்தை ஆதாரமாகக் காட்டாதீர்கள், இரண்டு பக்கத்துக்கும் அது உதவாது. பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கமான பபாசி 1977-இலிருந்து சென்னைப் புத்தகக் காட்சியை நடத்துகிறது, கூட்டமும் வருகிறது. வந்தவர் வயது என்ன, வாங்கியதைப் படித்தாரா என்பது நுழைவுச்சீட்டில் தெரியாது.

உள்ளூர் நூலகக் கணக்கு கொஞ்சம் உருப்படியானது, ஆனால் எந்தப் பதிவேடு என்று பாருங்கள். வருகைப் பதிவேடு வேறு, இரவல் கொடுத்த கணக்கு வேறு. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் தங்கள் புத்தகத்தையே எடுத்துக்கொண்டு வந்து நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். வருகை எகிறும், இரவல் அசையாது. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் படிக்க என்றே தனிப் பகுதி உண்டு. அங்கே போய்ப் பார்த்தால் இளைஞர்கள் நூலகத்துக்கு வருவதில்லை என்று சொல்ல வாய் வராது. அவர்கள் எல்லாரும் வாசகர்களா என்பது வேறு கேள்வி. என்னைக் கேட்டால், டிஎன்பிஎஸ்சி வழிகாட்டியை மனப்பாடம் செய்வதை வாசிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதை மறுத்து ஒரு நல்ல கடிதம் எழுதலாம், படிக்கத் தயார்.

எவ்வளவு நீளம் இருக்கணும்? ஒரு கடிதத்தை முழுசாகவே எழுதிக் காட்ட முடியுமா?

150 சொல்லைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். சில இதழ்கள் இன்னும் இடம் தரும், தினமலரின் 'இது உங்கள் இடம்' போன்ற பகுதிகளில் ஒரே கடிதம் சிறு கட்டுரை அளவுக்கு ஓடுவதும் உண்டு. இருந்தாலும் நீங்களே சுருக்கி அனுப்பினால் உங்கள் வாதம் உங்கள் கையில் இருக்கும். நீளமாக அனுப்பினால் அவசரத்தில் ஒருவர் வெட்டுவார். பெரும்பாலும் கடைசிப் பத்திதான் போகும், நீங்கள் சொல்ல வந்தது அங்கேதான் இருக்கும்.

ஒரு மாதிரி பார்க்கலாம். கட்டுரை கற்பனை. அதில் வரும் வாக்கியம்: "இன்றைய இளைஞர்கள் நூலகத்தின் பக்கமே போவதில்லை, கைபேசி அவர்களை விழுங்கிவிட்டது." பதில் எழுதுபவர் ஒரு சிறு நகரத்துக் கல்லூரி மாணவி. அவருடைய முதல் வரைவு இப்படி ஆரம்பிக்கிறது:

> தங்கள் மேலான நாளிதழில் வெளிவந்த வாசிப்பு பற்றிய கட்டுரையைப் படித்து மகிழ்ந்தேன். வாசிப்பு மனிதனை முழுமையாக்குகிறது என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. அறிஞர்கள் பலர் நூல்களால் உயர்ந்தவர்களே. ஆனால் இளைஞர்களை மட்டும் குறை கூறுவது ஏற்புடையதல்ல. இக்காலத்தில் இளைஞர்களுக்குப் பல்வேறு பிரச்சினைகள் உள்ளன. எங்கள் ஊரில் நூலகம் சீக்கிரம் மூடிவிடுவதால் செல்ல இயலவில்லை. அரசும் பெற்றோரும் ஆசிரியர்களும் இணைந்து செயல்பட வேண்டும்.

இதில் வேறு யாராலும் எழுத முடியாத வரி ஒன்றே ஒன்றுதான்: நூலகம் சீக்கிரம் மூடிவிடுகிறது. மற்றதெல்லாம் அன்று வந்த இருபது கடிதங்களிலும் இருக்கும். நான் அந்த மேசையில் இருந்திருந்தால் அவரிடம் கேட்டிருப்பேன்: எத்தனை மணிக்கு மூடுகிறது, நீங்கள் எத்தனை மணிக்கு வருகிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை என்ன ஆகிறது? விவரம் கிடைத்தால் கடிதம் தானாக அமைந்துவிடும்.

கூடவே ஒரு தகவலும் சேரும். தமிழ்நாட்டில் 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்கிறார்கள். இப்போது சொத்து வரியில் 10 சதவீதம். நம்மில் பலர் அதைக் கட்டிவிட்டு கவனிப்பதே இல்லை. நூலகத்தைப் பற்றிக் கேள்வி கேட்க இந்த மாணவியின் குடும்பத்துக்கு உரிமை இருக்கிறது என்பதை அந்த ஒரு வரி காட்டிவிடும். திருத்திய கடிதம்:

> ஐயா,
> இளைஞர்கள் நூலகத்தின் பக்கமே போவதில்லை என்கிறது நேற்றைய கட்டுரை ('வாசிக்க மறந்த தலைமுறை'). எங்கள் ஊர்க் கிளை நூலகம் மாலை 6 மணிக்கு மூடுகிறது. கல்லூரிப் பேருந்து என்னை இறக்கிவிடும்போது மணி 6.20. ஞாயிறன்று போனால் நாவல் அடுக்கில் இருப்பவை பெரும்பாலும் நான் பள்ளியில் இருந்தபோதே பார்த்தவை. கடந்த ஆண்டு எடுத்துப் படித்தவற்றில் பாதிக்கு மேல் தோழிகளிடம் இரவல் வாங்கியவை. அந்தக் கணக்கு எந்த நூலகப் பதிவேட்டிலும் ஏறாது. எங்கள் வீட்டுச் சொத்து வரியில் 10 சதவீதம் நூலக வரியாகச் சேர்கிறது. அந்தப் பணத்தில் வாரத்தில் இரண்டு நாளாவது இரவு 8 மணி வரை நூலகத்தைத் திறந்து வையுங்கள். அப்போதும் நாங்கள் வரவில்லை என்றால் கட்டுரையாளர் எழுதியதை ஒப்புக்கொள்கிறேன்.

முதல் வாக்கியத்திலேயே எந்தக் கட்டுரை, எந்தக் கருத்து என்பது வந்துவிட்டது. பாராட்டு இல்லை, வசவும் இல்லை. கோரிக்கை செய்யக்கூடிய அளவில் இருக்கிறது: இரண்டு நாள், 8 மணி. முதல் வரைவில் இருந்த "அரசும் பெற்றோரும் ஆசிரியர்களும்" யாரிடமும் எதையும் கேட்கவில்லை, அதனால் போய்விட்டது. தோழிகளிடம் வாங்கிய புத்தகம் பற்றிய வரிதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது. எது எண்ணப்படுகிறது என்ற கேள்வியை எந்த ஆய்வையும் இழுக்காமல் அது கேட்டுவிடுகிறது.

இந்தக் கடிதத்தின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். இது ஓர் ஊரின் ஒரு நூலகத்தைப் பற்றியது. "தமிழ்நாடு முழுக்க இதே கதைதான்" என்று ஒரு வரி சேர்க்கத் தோன்றும், சேர்க்க வேண்டாம். அவருக்கு அது தெரியாது. அந்த வரி வந்தால் தெரிந்த விஷயத்தின் மேலும் சந்தேகம் விழும்.

அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் பள்ளியில் படிச்ச மாதிரி போடணுமா?

வேண்டாம். அது விண்ணப்பத்துக்கும் தேர்வுத் தாளுக்கும். மின்னஞ்சலின் பொருள் வரியில் கட்டுரைத் தலைப்பும் வெளிவந்த தேதியும் இருக்கட்டும். கடிதத்தை மின்னஞ்சலிலேயே ஒருங்குறி எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள். கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பினால் யாராவது உட்கார்ந்து மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும், நெருக்கடியான நாளில் அது நடக்காது. கடைசியில் முழுப் பெயர், பின்கோடோடு முகவரி, அலைபேசி எண். பெயரும் ஊரும்தான் அச்சாகும், மற்றவை ஆள் உண்மையா என்று பார்க்க.

கட்டுரை வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. இனி எழுதலாமா?

நாளிதழ் என்றால் தாமதம்தான். அன்றைக்கே, இல்லையென்றால் மறுநாள் மதியத்துக்குள் போய்ச் சேர வேண்டும். ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரைக்குப் பெரும்பாலும் அடுத்த ஞாயிறுதான் கடிதம் போடுவார்கள், அதனால் புதன்கிழமை வரை பொறுக்கும். வார இதழ், மாத இதழில் இன்னும் நேரம் உண்டு.

எனக்கு 19 வயசு. நான் படிக்கிறது எல்லாம் போனில் வரும் தொடர்கதைதான். அதைச் சொன்னால் சிரிக்க மாட்டாங்களா?

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இந்த விவாதத்தில் ஐம்பது வயதுக்காரர்கள் இளைஞர்களைப் பற்றி எழுதிய கடிதம் குவியும், இளைஞர் எழுதியது அபூர்வம். வயதைக் கடிதத்திலேயே சொல்லுங்கள், அதற்காகவே தனியாக எடுத்து வைப்பார்கள்.

ஆனால் "நாங்களும் படிக்கிறோம்" என்பதோடு நிறுத்தாதீர்கள். பிரதிலிபி மாதிரியான செயலியில் படிக்கிறீர்கள் என்றால் என்ன மாதிரிக் கதை, ஒரு அத்தியாயம் எவ்வளவு நேரம், அடுத்த பகுதிக்குக் காத்திருக்கிறீர்களா, கீழே கருத்து எழுதுகிறீர்களா என்று சொல்லுங்கள். வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்கு வியாழக்கிழமை கடை வாசலில் நின்ற தலைமுறைதான் கட்டுரையாளருடையதும். உங்கள் விவரத்தைப் படித்ததும் அவருக்கே அது ஞாபகம் வரும், நீங்கள் எடுத்துச் சொல்லத் தேவை இல்லை.

அதே சமயம் நேர்மையாக இருங்கள். இருநூறு பக்கப் புத்தகத்தை இப்போதெல்லாம் முடிக்க முடிவதில்லை என்றால் அதையும் எழுதுங்கள். தன் பக்கத்துக்குப் பாதகமான ஒன்றை ஒப்புக்கொள்ளும் கடிதத்தை எந்த ஆசிரியரும் நம்புவார்.

கட்டுரையாளர் சொன்னது சரின்னுதான் நினைக்கிறேன். ஆமோதிச்சு எழுதினால் போடுவாங்களா?

வெறும் ஆமாம் என்றால் போடமாட்டார்கள். கட்டுரையில் இல்லாத ஒன்று வேண்டும். நீங்கள் பள்ளி ஆசிரியர் என்றால், நூலகப் பாடவேளை உங்கள் பள்ளியில் வாரத்துக்கு எத்தனை முறை கணக்குப் பாடத்துக்குப் போகிறது என்று எழுதலாம். பழைய புத்தகக் கடை வைத்திருந்தால், பத்து வருடம் முன்பு மாணவர்கள் எதைக் கேட்டு வந்தார்கள், இப்போது எதைக் கேட்கிறார்கள் என்று எழுதலாம். பள்ளியின் பெயரையும் யார் பெயரையும் இழுக்க வேண்டாம். பெயர் போட்டுக் குறை சொன்னால் இதழ் மறுதரப்பையும் கேட்டாக வேண்டும், அதற்குப் பதில் உங்கள் கடிதத்தை ஒதுக்கிவிடுவது அவர்களுக்குச் சுலபம்.

கடிதம் வந்தது, ஆனால் பாதியை வெட்டிவிட்டு வேறு தலைப்பு வச்சிருக்காங்க. என்ன செய்யலாம்?

தலைப்பு எப்போதுமே அவர்களுடையது. சுருக்குவதும் அவர்கள் உரிமை, சண்டை போட இடமில்லை. பொருள் மாறியிருந்தால் மட்டும் எழுதுங்கள். "சில நாள்" என்றது "எப்போதும்" என்று ஆகியிருந்தால், "குறைந்தது" என்ற எண் "அதிகபட்சம்" ஆகியிருந்தால், நீங்கள் அனுப்பிய வரியையும் அச்சான வரியையும் அடுத்தடுத்து வைத்து அன்றைக்கே இரண்டு வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள். திருத்தம் போடுவார்கள், கடிதப் பக்கத்தின் மூலையில்.

போடவே இல்லை. அதே கடிதத்தை வேற பேப்பருக்கு அனுப்பலாமா?

வேறு இதழின் வாசகர்கள் அந்தக் கட்டுரையைப் படித்திருக்க மாட்டார்கள், அதனால் பதில் கடிதமாகப் போகாது. முதல் வாக்கியத்தை எடுத்துவிட்டு, நூலக நேரத்தைப் பற்றிய தனிக் கடிதமாக மாற்றி அனுப்பலாம். ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு மட்டும் அனுப்பாதீர்கள். இரண்டிலும் ஒரே நாளில் வந்துவிட்டால் இரண்டு மேசையிலும் உங்கள் பெயரை ஞாபகம் வைத்திருப்பார்கள்.

மேலே சொன்ன மாணவியின் கடிதம் மாதிரி என்றால் நகல் ஒன்றை மாவட்ட நூலக அலுவலருக்கும் அனுப்பிவிடுங்கள். இரவு 8 மணி வரை திறப்பதைப் பற்றி முடிவெடுக்கப் போவது பத்திரிகை ஆசிரியர் இல்லையே.